சூரிய மின்சாரம் யூனிட் என்ன விலை? 25 ஆண்டுக் கணக்கும் மின்சார பில்லும்

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளில் சிறுகச் சிறுகச் சேமித்துச் சொந்த வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளின் மொட்டை மாடி இப்போது ஒரு புதிய வியாபாரத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. மாடியில் சூரிய மின் தகடுகளைப் பொருத்தித் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் வருகிறார்கள். "சார், யூனிட் ஒன்றேகால் ரூபாய்தான் அடக்கம். நீங்கள் பில்லில் எட்டு ரூபாய் கட்டுகிறீர்கள். இருபத்தைந்து வருஷம் கவலை இல்லை" என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

சூரிய மின்சாரம் லாபமா என்று கேட்டால், பலருக்கு லாபம்தான். ஆனால் ஏஜெண்ட் சொல்லும் ஒன்றேகால் ரூபாயும் உண்மையான அடக்கவிலை அல்ல. எட்டு ரூபாயும் ஒப்பிட வேண்டிய கட்டணம் அல்ல. ஒன்று குறைத்துக் காட்டப்பட்டது. மற்றது கூட்டிக் காட்டப்பட்டது. இரண்டையும் திருத்திக்கொண்ட பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத்தான் வைப்புநிதிப் பணத்தில் கை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வட்டிக் கணக்குத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக் கூடியதுதான்.

ஒன்றேகால் ரூபாய் வந்த வழி

கூட்டுக் குடும்பமாக வாழும் ஒரு தொழிற்சாலைக் குமாஸ்தாவின் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு தளங்கள், ஒரே மீட்டர். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், வெந்நீர் கீசர் எல்லாம் சேர்ந்து மாதம் 350 யூனிட் செலவாகிறது.

இந்த வீட்டுக்கு 3 கிலோவாட் அமைப்பு பொருத்தமானது. விலை 1,98,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அது போக வீட்டுக்காரர் கையிலிருந்து போவது 1,20,000 ரூபாய். மானியம் முதலிலேயே கழிவதில்லை. வேலை முடிந்து, மீட்டர் பொருத்தப்பட்டு, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கணக்கில் வரவாகும். அதுவரை முழுத் தொகையையும் புரட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பெங்களூர் வெயிலில், நிழல் விழாத மாடியில், ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,400 யூனிட் தரும் என்று கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்கு 4,200 யூனிட்; மாதச் சராசரி 350. தகடுகள் ஆண்டுதோறும் சிறிது சக்தி இழக்கின்றன. ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டால், 25 ஆண்டுகளில் மொத்தம் 96,600 யூனிட் கிடைக்கும்.

இப்போது 1,20,000 ரூபாயை 96,600 யூனிட்டால் வகுத்தால் வருவது 1 ரூபாய் 24 காசு. ஏஜெண்டின் ஒன்றேகால் ரூபாய் இப்படித்தான் பிறக்கிறது. வகுத்தலில் தவறில்லை. வகுக்கப்பட்ட எண்களில்தான் குறை இருக்கிறது.

விட்டுப்போன செலவுகள்

முதல் குறை, செலவு முழுதும் சேர்க்கப்படவில்லை. தகடு 25 ஆண்டு உழைக்கும். ஆனால் தகட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அத்தனை காலம் நிற்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் புதிது வாங்க வேண்டி வரும். அதற்கு 35,000 ரூபாய் ஒதுக்குவோம்.

தகடுகளின் மேல் படியும் தூசியைக் கழுவ வேண்டும். பெங்களூரில் கட்டட வேலை நடக்காத தெரு அபூர்வம் என்பதால் தூசிக்குக் குறைவில்லை. கழுவுகிற கூலி, தளர்ந்துபோன வயர் முனைகளையும் எர்த் இணைப்பையும் சரிபார்க்கும் கூலி, சிறு பழுதுகள் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் 25 ஆண்டுக்கு 75,000 ரூபாய். எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 2,30,000 ரூபாய். இதை 96,600 யூனிட்டால் வகுத்தாலே அடக்கவிலை 2 ரூபாய் 38 காசாகிவிடுகிறது. ஒன்றேகால் ரூபாய் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

சீட்டுப் போட்டவர்களுக்குப் புரியும்

இரண்டாவது குறை இன்னும் பெரியது. செலவில் பெரும்பகுதி இன்றே கையை விட்டுப் போகிறது. மின்சாரமோ 25 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இன்றைய ரூபாயும் இருபத்தைந்தாம் ஆண்டின் ரூபாயும் ஒன்றாகுமா?

ஏலச் சீட்டுப் போட்டவர்களுக்கு இதன் விடை தெரியும். இருபது மாதச் சீட்டில் முதல் மாதமே பணம் வேண்டுமென்றால் பெரிய தொகையைத் தள்ளிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசி மாதம் வரை காத்திருப்பவருக்குத் தள்ளுபடி இல்லை. அதாவது, கையில் உடனே கிடைக்கும் பணத்துக்கு மதிப்பு அதிகம். தள்ளிக் கிடைக்கும் பணத்துக்கு மதிப்பு குறைவு. சூரிய மின்சாரத்திலும் அதே நியாயம்தான். வீட்டுக்காரர் இன்று முழுத் தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் பில் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்.

எவ்வளவு தள்ளிப் பார்ப்பது? அந்தப் பணம் வேறு எங்கே இருந்தால் என்ன வட்டி ஈட்டுமோ, அந்த விகிதத்தில். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீத வட்டி தரப்பட்டது. அதையொட்டி 8 சதவீதம் என்று கொள்வோம். இந்த விகிதத்தில், பத்தாம் ஆண்டு கிடைக்கும் 100 ரூபாய் இன்றைக்கு 46 ரூபாய்க்குச் சமம். இருபத்தைந்தாம் ஆண்டு கிடைக்கும் 100 ரூபாய் இன்றைக்கு 14 ரூபாய் 60 காசுக்குத்தான் சமம்.

செலவுகளை இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டு வரலாம். முதலில் போடும் 1,20,000 ரூபாய் அப்படியே நிற்கும். ஆண்டுதோறும் செய்யும் 3,000 ரூபாய்ப் பராமரிப்பு, 25 ஆண்டுக்கும் சேர்த்து இன்றைய மதிப்பில் 32,000 ரூபாய். பன்னிரண்டாம் ஆண்டில் வரும் இன்வெர்ட்டர் செலவு 35,000 ரூபாய், இன்றைய மதிப்பில் 13,900 ரூபாய். மொத்தம் 1,65,900 ரூபாய்.

யூனிட்டுகளையும் இதேபோல் தள்ளிப் பார்க்க வேண்டும். மின்சாரத்துக்கு ஏது வட்டி என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு யூனிட்டும் அந்தந்த ஆண்டில் பில்லில் மிச்சமாகும் பணம்தான் என்று நினைத்தால் சந்தேகம் தீரும். முதலாண்டின் 4,200 யூனிட், ஓராண்டு தள்ளிப் பார்க்கும்போது 3,889 ஆகிறது. பத்தாம் ஆண்டில் தகடு தேய்ந்து 3,943 யூனிட் வரும். அதன் இன்றைய மதிப்பு 1,826. இருபத்தைந்தாம் ஆண்டில் 3,548 யூனிட் வரும். இன்றைய மதிப்பு வெறும் 518. இப்படி 25 வரிகளையும் எழுதிக் கூட்டினால் கிடைப்பது 42,360 யூனிட்.

1,65,900 ரூபாயை 42,360 யூனிட்டால் வகுத்தால் 3 ரூபாய் 92 காசு வருகிறது. இதுதான் 25 ஆண்டுக்கும் சமன்படுத்திய அடக்கவிலை. இதன் பொருள் என்ன? இந்த மின்சாரத்தை 25 ஆண்டும் யூனிட் 3 ரூபாய் 92 காசுக்கு விற்றால், போட்ட முதலும், செய்த செலவும், 8 சதவீத வட்டியும் சரியாகத் திரும்பும். ஒரு காசு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஏஜெண்ட் சொன்ன விலையைப் போல் இது மூன்று மடங்குக்கும் மேல்.

பணம் கடனாக வாங்கப்பட்டதானால் கடன் வட்டியைத்தான் கணக்கில் போட வேண்டும். 11 சதவீத வட்டியென்றால் அடக்கவிலை 4 ரூபாய் 61 காசாக ஏறிவிடும்.

எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது?

இனி தராசின் மறுதட்டைப் பார்ப்போம். கர்நாடகத்தில் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த உத்தரவின்படி, 2025-26ஆம் ஆண்டுக்கு வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு. அதன் மேல் 9 சதவீத வரி. மின்வாரிய ஊழியர் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 காசு தனி. எல்லாம் சேர்த்து 6 ரூபாய் 68 காசு. இவை போக, அனுமதிக்கப்பட்ட மின்சுமையில் கிலோவாட்டுக்கு மாதம் 145 ரூபாய் நிலைக் கட்டணம்.

நம் குமாஸ்தா வீட்டில் 350 யூனிட்டுக்கு 2,338 ரூபாய். 3 கிலோவாட் சுமைக்கு நிலைக் கட்டணம் 435 ரூபாய். மொத்த பில் 2,773 ரூபாய். இதை 350ஆல் வகுத்தால் 7 ரூபாய் 92 காசு. ஏஜெண்டின் எட்டு ரூபாய் இதுதான்.

ஆனால் மாடியில் தகடு வைத்த பிறகும் நிலைக் கட்டணம் போகாது. வெயில் இல்லாத நேரத்தில் மின்சாரம் வாங்க இணைப்பு வேண்டுமே! ஒரு யூனிட் சூரிய மின்சாரம் மிச்சப்படுத்துவது யூனிட்டோடு சேர்ந்து வரும் கட்டணத்தை மட்டும்தான். ஆகவே 3 ரூபாய் 92 காசை ஒப்பிட வேண்டியது 6 ரூபாய் 68 காசோடுதான். வித்தியாசம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 76 காசு. 42,360 யூனிட்டுக்கு, இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,17,000 ரூபாய் லாபம். நல்ல லாபம்தான். ஆனால் 96,600 யூனிட்டை 6 ரூபாய் 68 காசால் பெருக்கி, "ஆறரை லட்சம் மிச்சம்" என்று நோட்டீசில் அச்சடிப்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

கட்டணம் ஏறிக்கொண்டே போகுமா?

ஏஜெண்டிடம் இன்னொரு அஸ்திரம் இருக்கும். மின்கட்டணம் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறும் என்று பட்டியலில் சேர்த்துவிடுவார். அப்படிச் சேர்த்தால் லாபம் மலைபோல் உயர்ந்து தெரியும்.

கர்நாடகத்தில் அண்மையில் நடந்தது வேறு. 2023-24இல் 100 யூனிட்டுக்கு மேல் செலவழித்தவர்கள் யூனிட்டுக்கு 7 ரூபாய் கட்டினார்கள். 2024 ஏப்ரலில் அது 5 ரூபாய் 90 காசாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் இன்னும் 10 காசு குறைந்தது. அதே சமயம் கிலோவாட்டுக்கு 120 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் 145 ரூபாயாக உயர்ந்தது. ஓய்வூதியக் காசும் புதிதாகச் சேர்ந்தது. அதாவது, மின்வாரியத்துக்கு வேண்டிய வருமானத்தில் ஒரு பகுதி யூனிட்டிலிருந்து நிலைக் கட்டணத்துக்கு நகர்ந்தது.

சூரியத் தகடு வைத்தவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யூனிட் கட்டணம் ஏறினால் அவருக்கு ஆதாயம். நிலைக் கட்டணம் ஏறினால் தகடு இருந்தும் தப்ப முடியாது. எதிர்காலக் கட்டணத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், இன்றைய யூனிட் கட்டணமே 25 ஆண்டும் நீடிப்பதாக வைத்துப் போட்ட கணக்கில் லாபம் தெரிந்தால் அது உறுதியான லாபம். கட்டண உயர்வைச் சேர்த்தால்தான் லாபம் தெரிகிறது என்றால், அது யூகத்தின் மேல் கட்டிய வீடு.

எந்த வீட்டுக்கு எடுபடாது?

இதே 3 கிலோவாட் அமைப்பை மாதம் 250 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? 250 யூனிட்டுக்கு 6 ரூபாய் 68 காசு வீதம் மிச்சம். மீதி 100 யூனிட் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போகும். அதற்கு வாரியம் கொடுப்பது நாம் கட்டும் விலையை அல்ல. அதைவிடக் குறைந்த விலைதான். 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் சராசரி மதிப்பு யூனிட்டுக்கு 5 ரூபாய் 34 காசாக இறங்கிவிடும். மானியம் பெற்றவருக்கு 3 ரூபாய் 92 காசு அடக்கத்தில் இன்னும் லாபம் உண்டு. மானியம் கிடைக்காதவருக்கு அடக்கவிலை 5 ரூபாய் 76 காசு. அவருக்கு இது நஷ்டம். அவர் 2 கிலோவாட்டோடு நிறுத்தியிருந்தால் உபரி இல்லாமல் தப்பியிருப்பார்.

மாதம் 200 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளின் கதை தனி. கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டம் 2023 ஜூலையில் செலவான மின்சாரத்திலிருந்து அமலாகி, ஆகஸ்ட் பில்லில் பலன் தந்தது. முந்தைய ஆண்டின் சராசரியோடு 10 சதவீதம் கூட்டி, 200 யூனிட்டுக்குள் இருக்கும் வரை வீட்டுக்காரர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் உண்டு. பூஜ்ய பில் வருகிற வீட்டில் சூரிய மின்சாரம் எதை மிச்சப்படுத்தும்? யூனிட் 3 ரூபாய் 92 காசுக்கு அடக்கமாகும் பொருளை, இலவசமாகக் கிடைக்கும் பொருளோடு ஒப்பிட வேண்டியதாகிறது. இத்தகைய வீட்டில் 1,20,000 ரூபாயைப் போடுவதற்குக் கணக்கில் நியாயம் இல்லை.

மேல் மாடியை வாடகைக்கு விட்டு, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். வழக்கமான நெட் மீட்டர் முறையில் தகடுகள் ஒரு மீட்டரோடுதான் சேரும். அந்த மீட்டரில் ஓடும் யூனிட் எவ்வளவு என்பதுதான் கணக்கு. வீட்டிலுள்ள மூன்று மீட்டர்களின் கூட்டுத்தொகை அல்ல.

நிழலும் மின்வெட்டும்

மேலே கண்ட 1,400 யூனிட், நிழலில்லாத மாடிக்குத்தான். பக்கத்து வீட்டு மூன்றாவது மாடி, தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம் இவற்றின் நிழல் காலையிலோ மாலையிலோ விழுந்தால் உற்பத்தி சரியும். ஒரே வரிசையில் கோக்கப்பட்ட தகடுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். நிழலாலும் தூசியாலும் கிலோவாட்டுக்கு 1,100 யூனிட்தான் கிடைக்கிறது என்றால், அதே செலவில் அடக்கவிலை 3 ரூபாய் 92 காசிலிருந்து 4 ரூபாய் 98 காசாக ஏறிவிடும். பிற்காலத்து இன்வெர்ட்டர் விலையைவிட, தினமும் விழும் நிழல்தான் இந்தக் கணக்கை அதிகம் கெடுக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்வெர்ட்டரில் உற்பத்தி யூனிட் தெரியும். மாதத்தின் முதல் தேதி அதைக் குறித்து வைக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூடுதலாகவும், மழைக்கால மேகத்தில் குறைவாகவும் வரும். ஆகவே ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யாமல் 12 மாதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 3 கிலோவாட்டுக்கு 4,200க்கு வெகு கீழே நின்றால் நிழல், தூசி, வயர் இணைப்பு ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். அதே மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும்போது 0.7 சதவீதக் குறைவு கண்ணில் படாது. பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்திருந்தால் அது தேய்மானம் அல்ல, பழுது.

மின்வெட்டின்போது சூரிய மின்சாரம் வீட்டுக்கு ஓடும் என்று நம்பிப் பணம் போடுபவர்களும் உண்டு. பேட்டரி இல்லாத நெட் மீட்டர் அமைப்பு, மின்வாரிய சப்ளை நின்றதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பேட்டரி வைத்தால் அதன் விலையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவும் சேர்ந்து 3 ரூபாய் 92 காசு என்ற கணக்கே மாறிவிடும். அப்போது அதை மின்கட்டணத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மின்வெட்டில் படும் சிரமத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

பேரம் பேசுமுன்

ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் முதலில் எடுத்து வைக்க வேண்டியது கடந்த 12 மாத மின்சார பில்கள். மாதம் எத்தனை யூனிட், அதில் யூனிட்டோடு சேர்ந்த கட்டணம் எவ்வளவு, நிலைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஏஜெண்டிடம் மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேட்க வேண்டும்: இந்த மாடியில், இந்த நிழலோடு, முதலாண்டில் எத்தனை யூனிட் வரும், இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அதன்பின் மாற்ற இன்றைய விலை என்ன. மானியத்துக்குத் தகுதியான, இந்தியாவில் தயாரான தகடுதானா என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

இந்த எண்களைக் கொண்டு 25 வரி எழுதினால் அந்த வீட்டுக்கே உரிய அடக்கவிலை கிடைத்துவிடும். அது பில்லில் உள்ள யூனிட் கட்டணத்தைவிட இரண்டு ரூபாயாவது குறைவாக இருந்தால் நிழல், பழுது, கட்டண மாற்றம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, துணிந்து இறங்கலாம். ஐம்பது காசுதான் வித்தியாசம் என்றால், அந்தப் பணம் வைப்புநிதியிலேயே இருப்பது மேல்.